கார்டிலிருந்து இருமுறை கழிந்த பணம், பந்தயக் கணக்கில் ஏறாத பணம்: சரிசெய்யும் வரிசை

பந்தயக் கணக்கில் பணம் போடும்போது எழும் சிக்கல்கள் பெரும்பாலும் இரண்டே விதம். ஒருமுறை கட்டிய பணம் கார்டில் இருமுறை கழிந்திருக்கும். அல்லது கார்டில் கழிந்த பணம் பந்தயக் கணக்கில் வந்து சேர்ந்திருக்காது. இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் இரண்டையும் இங்கே சேர்த்தே எழுதுகிறேன். இத்தகைய முறையீடுகளைப் படித்துத் தீர்த்துவைக்கும் வேலையில் நான் இருந்திருக்கிறேன். பணம் திரும்பாமற் போனவர்களில் பலர் நியாயம் இல்லாதவர்கள் அல்லர். படிகளை மாற்றிச் செய்தவர்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

வழிநெடுக ஒரே நேர்வை உடன் வைத்துக்கொள்வோம். ஒருவர் சனிக்கிழமை மாலை 7:42-க்கு 500 கட்ட முயன்றார். ஓடிபி போட்டார், பக்கம் சுழன்றுகொண்டே நின்றது. பொறுக்காமல் பின்னே போய் 7:46-க்கு மறுபடி கட்டினார். இம்முறை உடனே 500 கணக்கில் ஏறிற்று. வங்கிச் செயலியைத் திறந்தால் 500, 500 என்று இரண்டு வரிகள்.

## 1. மூன்றாம் முறை கட்டாதீர்கள். கூடுதலாக வந்ததைத் தொடாதீர்கள்

பணம் ஏறவில்லை என்றதும் கை தானாகவே மறுபடி கட்டப் போகும். ஒவ்வொரு முயற்சியும் தளத்தின் பார்வையில் ஒரு புதிய ஆர்டர். வங்கியின் பார்வையில் ஒரு புதிய அனுமதி. இரண்டு முயற்சிகளில் எது எதற்கு உரியது என்று பிரித்தறிவது எளிது. ஐந்து முயற்சிகள் ஆகிவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கே குழப்பம் வரும். வேறு கார்டில் முயல்வதும் இப்போது வேண்டாம்.

அதேபோல இரண்டு டெபாசிட்டுமே கணக்கில் ஏறியிருந்தால், கூடுதலாக வந்ததை வைத்து ஒரு பந்தயமும் கட்டக் கூடாது. அந்தப் பணத்தில் ஆடிய நொடியிலேயே அது உங்களுக்குக் கிடைத்த சேவை ஆகிவிடும். பிறகு அதை 'தவறுதலான இரட்டைக் கழிவு' என்று சொல்ல முடியாது. எட்டாம் பகுதியில் எழுதியிருக்கும் கடிதம் அதன் பிறகு பயனற்றுப் போகும்.

## 2. பணம் எங்கே சிக்குகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் வங்கிச் செயலியில் உள்ள வரிகளைப் படித்தால் தவறான முடிவுக்கே வருவோம். கார்டு டெபாசிட்டில் நான்கு நிகழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன.

முதலில் ஓடிபி மூலம் கார்டு உங்களுடையது என்று உறுதியாகிறது. அடுத்து வங்கி அனுமதி தருகிறது. இந்தக் கணத்தில் பணம் எங்கும் போவதில்லை, உங்கள் இருப்பிலேயே 500 தனியாக நிறுத்திவைக்கப்படுகிறது. மூன்றாவதாக, அனுமதி கிடைத்த செய்தியைப் பேமெண்ட் நிறுவனம் பந்தயத் தளத்துக்கு அனுப்புகிறது. அதைப் பெற்றதும் தளம் உங்கள் கணக்கில் 500-ஐ ஏற்றுகிறது. கடைசியாக, அன்றோ அடுத்த சில நாள்களிலோ, நிறுத்திவைத்த தொகை உங்கள் வங்கியிடமிருந்து கேட்டு வாங்கப்படுகிறது. உண்மையில் பணம் நகர்வது இந்த நான்காம் நிகழ்வில்தான்.

சிக்கல் பெரும்பாலும் மூன்றாவதில் நேர்கிறது. ஓடிபி பக்கத்திலிருந்து தளத்துக்குத் திரும்பும் முன் உலாவியை மூடினாலோ, இணைப்பு அறுந்தாலோ, தளம் அந்த நேரத்தில் திணறிக்கொண்டிருந்தாலோ, 'பணம் வந்தது' என்ற செய்தி போய்ச் சேராது. வங்கி அனுமதித்துவிட்டது, தளத்துக்கு அது தெரியாது. பெரிய ஆட்டம் தொடங்கும் முந்தைய சில நிமிடங்களில் இது அடிக்கடி நடப்பதற்கு, எல்லோரும் ஒரே வேளையில் பணம் கட்டுவதே காரணம்.

## 3. முதல் ஒரு மணி நேரத்தில் எடுத்துவைக்க வேண்டியவை

தளத்தின் திரை மாறிவிடும். வங்கிச் செயலியில் நிறுத்திவைத்த வரி சில நாள்களில் தடமே இல்லாமல் மறைந்துவிடும். ஆகவே உடனே எடுத்துவைக்க வேண்டியவை இவை:

- வங்கிச் செயலியில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத் திறந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட். பட்டியலை மட்டும் எடுத்தால் போதாது. வரியைத் தொட்டுத் திறந்தால்தான் நேரம், வணிகர் பெயர், சில வங்கிகளில் அனுமதிக் குறியீடு ஆகியவை தெரியும்.
- வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகள். ஓடிபி வந்த செய்தியையும் அழிக்க வேண்டாம். எந்த நேரத்தில் எத்தனை முயற்சி நடந்தது என்பதற்கு அதுவே சான்று.
- பந்தயக் கணக்கின் டெபாசிட் வரலாறு. ஏறியது மட்டுமன்றி, தோல்வி, காலாவதி, நிலுவை என்று காட்டும் வரிகளும் தெரியும்படி எடுக்கவும்.
- தளத்தில் உங்கள் பயனர் எண்ணும், ஆர்டர் எண் ஏதேனும் இருந்தால் அதுவும்.

அனுமதிக் குறியீடு என்பது வங்கி ஒவ்வோர் அனுமதிக்கும் தரும் ஆறு இடக் குறியீடு. செயலியில் தெரியாவிட்டால் வங்கியை அழைத்துக் கேளுங்கள். அழைத்த வேளையில் புகார் எதையும் பதிய வேண்டாம், குறியீடுகளை மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள். நமது நேர்வில் அவர் இப்படிக் கேட்டு வாங்கியவை: 7:42-க்கு உரியது 047716, 7:46-க்கு உரியது 052983. பின்னால் இந்த இரண்டு எண்களே வழக்கை முடித்தன.

## 4. வங்கிப் பக்கம்: நிறுத்திவைத்ததா, எடுத்துக்கொண்டதா

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். 'இரண்டுமுறை கழிந்துவிட்டது' என்று எழுதுபவர்களில் கணிசமானோருக்கு இரண்டாவது கழிவு நிகழவே இல்லை, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வங்கிச் செயலிகள் நிறுத்திவைத்த வரியைப் பெண்டிங், நிலுவை, செயலாக்கத்தில் என்று ஏதோ ஒரு பெயரில் சாம்பல் நிறத்திலோ சாய்வெழுத்திலோ காட்டும். எடுத்துக்கொண்ட வரி போஸ்டட் அல்லது நிறைவுற்றது என்று வரும். மாத ஸ்டேட்மெண்டில் ஏறுவதும் அது மட்டுமே. செயலியில் இந்த வேறுபாடு தெளிவாக இல்லாவிட்டால் இரண்டு இருப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கில் உள்ள இருப்பு 3,200 என்றும், பயன்படுத்தக்கூடிய இருப்பு 2,700 என்றும் காட்டினால், இடையில் உள்ள 500 இன்னும் உங்கள் வங்கியை விட்டுப் போகவில்லை என்று பொருள். டெபிட் கார்டில் இந்தக் கணக்கு நேராக வரும். கிரெடிட் கார்டில் நிலுவைத் தொகைக்கும் மீதமுள்ள வரம்புக்கும் இடையே இதே வேறுபாட்டைக் காணலாம்.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஒரே டெபாசிட் எடுத்துக்கொள்ளப்படும் நாளில், பழைய பெண்டிங் வரி மறையும் முன்பே புதிய போஸ்டட் வரி வந்துவிடலாம். அப்போது ஒரு நாளோ இரண்டு நாளோ 500, 500 என்று இரண்டும் சேர்ந்தே தெரியும். தேதிகூட ஒரு நாள் தள்ளி இருக்கலாம். அனுமதிக் குறியீடு இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால் அது ஒரே பணம். விட்டுவிடுங்கள், தானாகவே சரியாகும். குறியீடு வேறு வேறாக இருந்தால்தான் இரண்டு அனுமதிகள் நடந்திருக்கின்றன.

தொகை சற்றே வேறுபட்டு இரண்டாவது வரி வந்தால் அது டெபாசிட்டாக இல்லாமல் கட்டணமாக இருக்கக்கூடும். பந்தயத் தளங்களுக்குக் கார்டு அமைப்புகள் தரும் வணிக வகை எண் 7995. சில வங்கிகள் கிரெடிட் கார்டில் இந்த வகையைப் பணம் எடுத்ததற்கு நிகராகக் கருதிக் கட்டணமும், அன்றிலிருந்தே வட்டியும் போடும். வேற்று நாணயத்தில் கட்டினால் மாற்றுக் கட்டணம் தனி வரியாக வரும். இவற்றைத் தளம் திருப்பித் தராது; ஏனெனில் அந்தப் பணம் அவர்களிடம் போகவே இல்லை.

வணிகர் பெயரைக் கண்டும் திடுக்கிட வேண்டாம். தளத்தின் பெயருக்குப் பதிலாகப் பேமெண்ட் நிறுவனத்தின் பெயரோ, தாய் நிறுவனத்தின் பதிவுப் பெயரோ வருவது சகஜம். பழைய டெபாசிட் ஒன்றில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

நம்மவர் ஞாயிறன்று பார்த்தபோது இரண்டுமே பெண்டிங். திங்களன்று 052983 போஸ்டட் ஆயிற்று. 047716 இன்னும் பெண்டிங். இந்த நிலையில் அவர் புகார் எழுதியிருந்தால், 'சில நாளில் தானாக விடுபடும்' என்ற பதில் வந்திருக்கும். அது நியாயமான பதிலும்கூட. புதன்கிழமை 047716-உம் போஸ்டட் ஆயிற்று. அப்போதுதான் அது உண்மையான இரட்டைக் கழிவு ஆனது.

## 5. பந்தயக் கணக்கின் பக்கம்

மேலே தெரியும் மொத்த இருப்பை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். டெபாசிட் வரலாற்றைத் திறந்து, காலப் பட்டியலில் முந்தைய நாளையும் பிந்தைய நாளையும் சேர்த்துத் தேடுங்கள். தளத்தின் கடிகாரம் வேறு நேர மண்டலத்தில் ஓடலாம்.

ஏறவில்லை என்று எண்ணப்படும் பணம் சில சமயம் வேறோர் அறையில் கிடக்கும். விளையாட்டுப் பந்தயத்துக்கும் கேசினோவுக்கும் தனித்தனி வாலட் வைத்திருக்கும் தளங்களில் இது அடிக்கடி நடக்கும். ஒரே வீட்டில் இருவருக்கு அந்தத் தளத்தில் கணக்கு இருந்து, உலாவியில் மற்றவர் கணக்கு திறந்திருந்தால் பணம் அங்கே போயிருக்கும். இதைத் தளத்திடம் மறைக்க நினைக்காதீர்கள். வேறொருவர் கார்டில் கட்டுவதைப் பெரும்பாலான தளங்கள் ஏற்பதில்லை என்பதால் முதலிலேயே உள்ளதைச் சொன்னால்தான் கணக்கு முடங்காமல் தப்பும்.

இன்னொரு காரணமும் உண்டு. டெபாசிட் வரம்பைத் தாண்டியது, அடையாளச் சரிபார்ப்பு முடியாதது, கார்டில் உள்ள பெயர் பொருந்தாதது ஆகிய காரணங்களால் தளமே பணத்தை ஆய்வில் வைத்திருக்கலாம். அப்படியானால் வரலாற்றில் 'ஆய்வில்' என்றோ அதற்கு ஒத்த சொல்லோ இருக்கும், அல்லது ஒரு மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். இது தொழில்நுட்பக் கோளாறு அன்று. கேட்ட ஆவணத்தைக் கொடுத்தால்தான் நகரும்.

நம்மவருடைய வரலாற்றில் 7:46 வரி 'வெற்றி' என்றும், 7:42 வரி 'காலாவதி' என்றும் இருந்தது. இந்தக் 'காலாவதி' என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள்.

## 6. உங்களுடையது எந்த வகை

இரு பக்கமும் பார்த்தாயிற்று என்றால் நீங்கள் கீழுள்ளவற்றில் ஒன்றில் நிற்பீர்கள்.

இரண்டு பெண்டிங், ஒன்று ஏறியது. அல்லது ஒரு பெண்டிங், ஒன்றும் ஏறவில்லை. பணம் இன்னும் வங்கியிலேயே இருக்கிறது. காத்திருக்க வேண்டிய வகை.

இரண்டு போஸ்டட், ஒன்று மட்டும் ஏறியது. அல்லது ஒரு போஸ்டட், ஒன்றும் ஏறவில்லை. பணம் தளத்தின் பக்கம் போய்விட்டது. தளத்துக்கு எழுத வேண்டிய வகை.

இரண்டு போஸ்டட், இரண்டும் ஏறியது. இது இரட்டைக் கழிவே அன்று, இரண்டு டெபாசிட்டுகள். ஆயினும் நீங்கள் விரும்பியது ஒன்றுதான் என்றால், அதைத் தொடாமல் வைத்து, 'இரண்டாவது டெபாசிட்டை ரத்துசெய்து கார்டுக்கே திருப்புங்கள்' என்று கேட்கலாம். சாதாரணப் பணமெடுப்பாகக் கோராதீர்கள். டெபாசிட் தொகையை ஒருமுறையாவது பந்தயத்தில் சுழற்றிய பின்பே எடுக்கலாம் என்ற விதி பல தளங்களில் இருக்கிறது.

## 7. எத்தனை நாள் காத்திருப்பது

தளம் கேட்டு வாங்காத நிறுத்திவைப்பு பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களுக்குள் விடுபடும். சில வங்கிகள் முப்பது நாள் வரையும் வைத்திருக்கும். அதுவரை, கழிந்த பணத்தை எதிர்த்து வங்கியிடம் கொடுக்கும் புகாரான டிஸ்ப்யூட்டைக் கேட்டாலும் பதியமாட்டார்கள். இன்னும் எடுக்கப்படாத பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்பதே அவர்கள் விதி.

அவ்வளவு நாள் பொறுக்க இயலாத அளவு பெரிய தொகை என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த அனுமதியை ரத்துசெய்து ரிவர்சல் அனுப்பும்படி தளத்தைக் கேளுங்கள். அது முடியாது என்றால், 'இந்த அனுமதிக் குறியீட்டுக்குரிய தொகையை நாங்கள் எடுக்கமாட்டோம்' என்று அவர்களிடமிருந்து எழுத்தில் பெற்று வங்கிக்குக் கொடுங்கள். பல வங்கிகள் அதைக் கொண்டு நிறுத்திவைப்பை முன்கூட்டியே விடுவிக்கும்.

பெண்டிங் வரி மறைந்தவுடன் பணம் திரும்பிவிட்டது என்று எண்ணி அதைச் செலவழித்துவிடுவது அடுத்த பிழை. நிறுத்திவைப்பு காலாவதியான பிறகும் தாமதமாக வந்து தொகையை எடுத்துக்கொள்வது நடக்கக்கூடியதே. மறைந்த வரி மறுபடி வருகிறதா என்று ஒரு மாதம் கண்வைத்திருங்கள்.

ஒன்றும் ஏறாமல், பணம் போஸ்டட் ஆகிவிட்ட வகையில் இந்தக் காத்திருப்பு தேவையில்லை, அன்றே எழுதலாம்.

## 8. தளத்துக்கு எழுதுவது

முதலில் தளம், பிறகுதான் வங்கி. வங்கி கேட்கும் முதல் கேள்வியே 'வணிகரைத் தொடர்புகொண்டீர்களா, என்ன பதில் வந்தது' என்பதுதான். மேலும் தளம் நினைத்தால் சில நாள்களில் திருப்பக்கூடிய பணத்துக்கு, வங்கி வழியில் வாரக்கணக்கில் ஆகும்.

சாட்டில் தொடங்கலாம், ஆனால் அதோடு நிறுத்தாமல் மின்னஞ்சலிலோ முறையீட்டுப் படிவத்திலோ எழுதி, முறையீட்டு எண் வாங்குங்கள். சாட்டில் இருப்பவர் பார்க்கும் திரையில் உங்கள் டெபாசிட் வரலாற்றுக்கு மேல் எதுவும் தெரியாது. அதனால்தான் 'எங்களிடம் ஒரே ஒரு டெபாசிட்தான் பதிவாகியிருக்கிறது' என்ற பதில் வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவே. நம்மவருக்கும் இதே பதில்தான் வந்தது. கோபத்தில் நான்கு பத்தி எழுதியிருந்தால் மறுபடி அதே பதில் வந்திருக்கும். அவர் அனுப்பிய இரண்டாவது கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

> எனது பயனர் எண் ______. கடந்த சனிக்கிழமை 4421 என முடியும் கார்டிலிருந்து இரண்டு டெபாசிட் முயற்சிகள் செய்தேன்.
>
> முதலாவது: மாலை 7:42, தொகை 500, அனுமதிக் குறியீடு 047716. உங்கள் வரலாற்றில் 'காலாவதி' என்று உள்ளது. என் வங்கியில் புதன்கிழமை முழுமையாக எடுக்கப்பட்டுள்ளது.
>
> இரண்டாவது: மாலை 7:46, தொகை 500, அனுமதிக் குறியீடு 052983. கணக்கில் ஏறியுள்ளது, இதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.
>
> முதலாவது தொகை நிறுத்திவைப்பு அன்று, எடுக்கப்பட்ட பணம். ஆகவே இதைப் பேமெண்ட் பிரிவுக்கு அனுப்பி, 047716 என்ற குறியீட்டைக் கொண்டு உங்கள் பேமெண்ட் நிறுவனத்திடம் தேடும்படி கேட்டுக்கொள்கிறேன். தொகையைப் பந்தயக் கணக்கில் ஏற்ற வேண்டாம். அதே கார்டுக்குத் திருப்பவும்.

இந்தக் கடிதத்தில் நான்கு காரியங்கள் நடந்திருக்கின்றன. ஏறிய டெபாசிட்டில் குறை இல்லை என்று சொன்னதால் பிரச்சினை ஒரே வரிக்குச் சுருங்கியது. 'நிறுத்திவைப்பு அன்று' என்று முந்திக்கொண்டு சொன்னதால், வழக்கமான 'பத்து நாள் பொறுங்கள்' பதிலுக்கு இடமில்லை. யாரிடம் எதை வைத்துத் தேட வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. கடைசி வாக்கியமும் முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் பல தளங்கள் பணத்தைக் கணக்கில் ஏற்றிவிட்டு முறையீட்டை மூடிவிடும். கணக்கில் ஏறினாலே போதும் என்பவர்கள் அதை மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

ஸ்டேட்மெண்ட் கேட்டால் கொடுக்கலாம். ஆனால் சம்பந்தமில்லாத வரிகளை மறைத்துக் கொடுங்கள். கார்டு எண்ணில் முதல் ஆறும் கடைசி நான்கும் தெரிந்தால் போதும். பின்புற மூன்று இலக்க எண்ணையும், ஓடிபியையும் உண்மையான எந்தப் பிரிவும் கேட்காது. சமூக ஊடகத்தில் நீங்கள் எழுதிய குறையைப் பார்த்து, 'வாடிக்கையாளர் சேவை' என்று தாமாகவே மெசேஜ் அனுப்பி, திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொல்பவர் திருடரே. பணம் தொலைந்த பதற்றத்தில் இருப்பவர்தான் இவர்களுக்கு எளிதில் அகப்படுவார். முதலில் போன 500-ஐத் தேடிப்போய் மீதியையும் இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

பணம் ஏறாததால் கட்ட முடியாமற்போன பந்தயம் வென்றிருக்குமே என்று அந்த வெற்றித் தொகையைக் கேட்பவர்களும் உண்டு. கட்டாத பந்தயத்துக்குத் தளமும் தராது, வங்கியும் தராது. அந்தக் கோரிக்கையை இதோடு சேர்த்தால், எளிதில் முடியக்கூடிய முறையீடு தகராறுப் பிரிவுக்குப் போய்த் தேங்கிவிடும்.

## 9. பதில் வந்த பிறகு

நம்மவருடைய கதையில் நடந்தது இதுதான். பேமெண்ட் நிறுவனத்தின் அனுமதிச் செய்தி தாமதமாக வந்தது. அதற்குள் பதினைந்து நிமிடக் கெடு முடிந்து, தளம் அந்த ஆர்டரைக் 'காலாவதி' என்று மூடிவிட்டது. மூடிய ஆர்டருக்கு வந்த செய்தியை அது கவனிக்கவில்லை. ஆனால் பேமெண்ட் நிறுவனமோ அனுமதி இருந்ததால் பணத்தை எடுத்துக்கொண்டது. பணம் தளத்தின் கணக்கில் பெயரில்லாமல் கிடந்தது. குறியீட்டை வைத்துத் தேடியதும் அகப்பட்டது.

'ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம்' என்று பதில் வந்தால் அதோடு மகிழ்ந்துவிடாமல் ஏ.ஆர்.என். கேளுங்கள். அது ரீஃபண்டுக்கு உரிய 23 இலக்க எண். அதைக் கொடுத்தால் உங்கள் வங்கி அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று தேட முடியும். அந்த எண் இல்லாமல் வங்கியைக் கேட்டால் 'எதுவும் வரவில்லை' என்பதோடு பேச்சு முடியும். எண்ணைத் தர முடியாத தளம் பெரும்பாலும் இன்னும் ரீஃபண்டை அனுப்பவில்லை என்றே கொள்ளலாம். அவருக்கு எண் கிடைத்த நான்காவது வேலை நாளில் பணம் வந்தது.

வேற்று நாணயத்தில் கட்டியிருந்தால், ரீஃபண்ட் வரும் நாளின் மாற்று விகிதத்தில் திரும்புவதால் சற்றுக் குறையவோ கூடவோ செய்யும். முன்பு சொன்ன பணமெடுப்புக் கட்டணத்தைத் தளத்தின் பதிலைக் காட்டி வங்கியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

## 10. வங்கியில் டிஸ்ப்யூட்

தளம் மறுத்தாலோ, எழுதி இரண்டு வாரம் ஆகியும் பொருளுள்ள பதில் வராவிட்டாலோ வங்கிக்குப் போகலாம். காலக்கெடு இருக்கிறது: இரட்டைக் கழிவுக்கு விசா விதிகளில் 120 நாள், மாஸ்டர்கார்டில் 90 நாள். உங்கள் வங்கி தன் படிவங்களுக்கு இதைவிடக் குறுகிய கெடு வைத்திருக்கலாம் என்பதால், தளம் இழுத்தடிக்கிறது என்று தெரிந்தால் இரண்டு மாதம் வரை போக விடாதீர்கள்.

இங்கே காரணத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் வழக்கு நிற்கும் அல்லது விழும். இருமுறை கழிந்திருந்தால் 'இரட்டைக் கழிவு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விசாவில் அது 12.6.1, மாஸ்டர்கார்டில் 4834. பணம் ஏறவே இல்லை என்றால் 'சேவை கிடைக்கவில்லை' என்பதே பொருத்தம். 'இதை நான் செய்யவில்லை' என்ற மோசடிப் பிரிவை ஒருபோதும் தொடாதீர்கள். அது எளிது, கேள்விகள் குறைவு என்பதால் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஓடிபி போட்டது நீங்கள். அதற்கான பதிவு வங்கியிடமே இருக்கிறது. பொய்யான உறுதிமொழி என்பதோடு, மோசடி என்று சொன்னதும் வங்கி கார்டை ரத்துசெய்துவிடும். அதே வேளை தளம் பழைய கார்டுக்கு ரீஃபண்ட் அனுப்பியிருந்தால் அது வந்து சேர மேலும் தாமதமாகும்.

இரண்டு போஸ்டட் வரிகள், இரண்டு குறியீடுகள், ஒன்று மட்டும் ஏறிய டெபாசிட் வரலாறு, தளத்துக்கு எழுதிய கடிதம், அவர்கள் பதில் ஆகிய ஐந்தையும் கால வரிசையில் இணையுங்கள். ஏறாத ஒரு வரிக்கு மட்டும் டிஸ்ப்யூட் போடுங்கள். ஏறி ஆடிய டெபாசிட்டையும் சேர்த்துக் கேட்டால், தளம் உங்கள் ஆட்ட வரலாற்றைச் சான்றாக அனுப்பும். நியாயமான வரியும் அதோடு அடிபட்டுப் போகும். தோற்ற பணத்தை மீட்க இது வழியன்று.

டிஸ்ப்யூட் போட்டதும் பந்தயக் கணக்கு முடங்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அங்கே உங்களுக்குரிய இருப்பு இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது.

உரிமம் பெற்ற தளமாக இருந்தால், பக்கத்தின் அடியில் உரிமம் தந்த அமைப்பின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். பேரைச் சொடுக்கிப் பார்த்து நிறைவடையாமல், அந்த அமைப்பின் தளத்துக்கு நேரே போய் எண்ணைத் தேடுங்கள். போலித் தளங்கள் அந்தச் சொடுக்கையும் போலியாகவே வைத்திருக்கும். தளத்தின் முறையீட்டு வழியை முடித்த பிறகு அங்கோ, தளம் குறிப்பிடும் சமரச அமைப்பிடமோ எழுதலாம். உரிம எண்ணே அகப்படாத தளம் என்றால் அந்தக் கதவு இல்லை. வங்கி ஒன்றுதான் வழி, அதுவும் மேலே சொன்ன கெடுவுக்குள்.

வங்கி தற்காலிகமாகப் பணத்தைப் போட்ட பிறகு தளமும் ரீஃபண்ட் அனுப்பிவிடுவது உண்டு. இரண்டு வரவும் தெரிந்தால் அன்றே வங்கிக்குச் சொல்லி டிஸ்ப்யூட்டைத் திரும்பப் பெறுங்கள். சொல்லாமல் விட்டால் வங்கி தற்காலிக வரவைத் தானே கழித்துக்கொள்ளும். அல்லது தளம் உங்கள் பந்தயக் கணக்கில் கழித்தல் 500 என்று எழுதி, அதைக் கட்டும்வரை பூட்டிவைக்கும்.